மைனா பறந்துபோச்சு, கடி மட்டும் நிக்கலை

ஈசூன் மலர்:
இரண்டு வாரம் மூட்டைப்பூச்சி என்றே நினைத்தேன். மெத்தையைக் கவிழ்த்துக் கட்டில் இடுக்கெல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை. ராத்திரி 2 மணிக்குக் கைபேசி வெளிச்சத்தை வெள்ளைத் தலையணை உறைமேல் சாய்த்துப் பிடித்தேன். தூசி நடந்தது! பறவைப் பேன் என்கிற பொடி உண்ணி. ஒன்றை நசுக்கினால் சிவப்பாக ஒரு புள்ளி. அது என் ரத்தமா மைனா ரத்தமா என்று இன்னும் உடம்பு கூசுகிறது. ஏர்கான் கம்பிரசர் பின்னால் கூடு இருந்தது. குஞ்சுகள் பறந்ததும் வீட்டுக்காரர் துடைப்பத்தால் தட்டிவிட்டார். அன்று ராத்திரிதான் கடி ஆரம்பம்.

பூன்லே ராஜா:
மெத்தையைத் தூக்கிப் போடுங்க அக்கா. உள்ளே முட்டை வைத்திருக்கும், மனுஷ ரத்தத்திலேயே பெருகிவிடும். நான் புறாப் பேன் வந்தப்ப மெத்தை, சோபா இரண்டையும் போட்டேன்.

செங்காங் ரேவதி:
எங்க பையனுக்கும் இதே அரிப்புதான். விரல் இடுக்கில் வரிவரியாக வந்தது. கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், வீட்டில் எல்லாரும் கழுத்திலிருந்து கால்வரை பூசினோம், சரியாச்சு. நீங்களும் பூசிப் பாருங்க.

பழைய பூச்சிமருந்துக்காரன்:
ரேவதி, உங்க பையனுக்கு வந்தது சிரங்காக இருக்கும். அது தோலுக்குள் குடியிருக்கும். பறவைப் பேன் கடித்துவிட்டு இறங்கிப் போய்விடும், அதற்கு அந்தக் களிம்பு வேண்டாம். ராஜா தம்பி, பாதி சரி. மனுஷனைக் கடிக்கும், ஆனால் நம்ம ரத்தத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தாது. பறவை இல்லாவிட்டால் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் செத்துவிடும். கோழிப் பேன் வகை மட்டும் பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடக்கும். மெத்தை பாவம்.

மலர், தப்பு நடந்தது துடைப்பத்தில். கூட்டைக் கலைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சூடு தேடிக் கிளம்பும். ஏர்கான் குழாய் சுவரில் நுழைகிற ஓட்டையை முதலில் அடைக்கணும். அப்புறம் மிச்சமிருக்கிற காலிக் கூட்டின்மேலேயே மருந்தடித்து, காய்ந்ததும் அப்படியே பையில் போட்டுக் கட்டணும். லெட்ஜையும் துடைத்து மருந்தடிக்கணும். நீங்களே எட்டிப்பார்க்க வேண்டாம், ஏர்கான் சர்வீஸ் ஆளிடம் சொல்லுங்க. அறைக்குள் வேக்குவம் போட்டு அந்தப் பையை உடனே வெளியே எறியுங்க. விரிப்பை வெந்நீரில் துவையுங்க. நான் ஒருதடவை கூட்டை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டையை மறந்தேன், அந்த வீட்டம்மா ஒரு மாதம் திட்டினார். ஜன்னல் ஓரத்தில் இரட்டைப் பக்க டேப் ஒட்டிவைத்துப் பாருங்க.

ஈசூன் மலர்:
டேப் வைத்தேன் அண்ணே. முதல் நாள் பதினொன்று, நாலாம் நாள் இரண்டு. பசியில் இருப்பது வெள்ளை, குடித்தது கறுப்பு. கூட்டைத் தட்டிவிட்டுப் பதினெட்டு நாளாச்சு, நேற்றும் கழுத்தில் ஒரு கடி. மேல்மாடிப் புறாவா, பழைய கூட்டா?

பூன்லே ராஜா:
நான்தான் மெத்தை என்று சொன்னேனே.