குடும்பமே டிவியில் பேசிவிட்டது, இனி மருத்துவமனை நோயாளி விவரம் சொல்லலாமா?

செல்வி: மருந்து மாற்றிப் போட்டுவிட்டதாக எங்கள் மருத்துவமனை பற்றி எல்லா சேனலிலும் செய்தி. குடும்பத்தினரே பெயரைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பேசுகிறார்கள். நிர்வாகம் கொடுத்த வரைவு: "54 வயதுப் பெண்மணி, ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர், செவ்வாய் இரவு ஐசியுவில் சேர்க்கப்பட்டார். இறப்புக்கு மருந்து காரணமல்ல." இதை அனுப்பலாமா?

குமரன்: தாராளமாக அனுப்புங்கள். அவர்களே ஊரறியச் சொன்னதை நீங்கள் மறைத்து என்ன ஆகப்போகிறது? பெயரை மட்டும் போடாதீர்கள். வாயே திறக்காமல் இருந்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நிலா: வாய் திறக்க வேண்டும் என்பது சரி, மற்றதை ஏற்க முடியாது. குடும்பம் பேசுவது அவர்கள் உரிமை, அதனால் மருத்துவமனையின் ரகசியக் கடமை போய்விடாது. கலிபோர்னியாவில் ஷாஸ்டா ரீஜினல் மருத்துவமனையில் இதே கதைதான். ஒரு நோயாளி பத்திரிகையிடம் பேசினார், பதில் சொல்கிறோம் என்று அதிகாரிகள் அவருடைய சிகிச்சை விவரத்தை அனுமதி வாங்காமல் ஊடகத்திடம் கொடுத்தார்கள், 2013இல் 2,75,000 டாலர் கட்டித்தான் வழக்கை முடித்தார்கள். பெயரை எடுத்தால் போதும் என்பதும் தவறு. வயது, நோய், கிழமை, வார்டு நான்கையும் சேர்த்தால் ஆள் தெரிந்துவிடும், அன்று இரவு டூட்டியில் இருந்த நர்ஸும் மாட்டிக்கொள்வார்.

கடைசி வரிதான் மிக மோசம். விசாரணையே முடியவில்லை, காரணமல்ல என்று எப்படித் தெரியும்? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "எங்கள் மருத்துவமனையில் அளித்த சிகிச்சை குறித்து வரும் செய்திகளை அறிவோம். துயரத்தில் இருக்கும் குடும்பத்தினரிடம் பேசியிருக்கிறோம். மருந்து வழங்கும் நடைமுறை முழுவதையும் ஆராய்கிறோம். நோயாளி பற்றிய விவரம் எதையும் வெளியிட மாட்டோம். அடுத்த தகவல் வியாழன் மாலை 5 மணிக்கு." இரண்டாவது வரியை உண்மையிலேயே பேசிய பிறகுதான் போட வேண்டும்.

ராஜி: அந்த வரிதான் எனக்கு முக்கியம். என் அப்பா விஷயத்தில் "துரதிர்ஷ்டவசமான சம்பவம், ஆழ்ந்த இரங்கல்" என்று ஓர் அறிக்கை வந்தது, நாங்கள் அதைச் செய்தியில்தான் பார்த்தோம். ஒருவர்கூட போன் பண்ணவில்லை. அப்புறம் அவர்கள் எது சொன்னாலும் எங்களுக்குப் பொய்யாகத்தான் தெரிந்தது. அனுப்புவதற்கு முன் குடும்பத்திடம் வாசித்துக் காட்டுங்கள்.

குமரன்: சரி, வயதும் நோயும் வேண்டாம். ஆனால் அன்று இரவு டாக்டரே இல்லை என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருந்தால்? அதற்கும் பதில் சொல்லக்கூடாதா?

நிலா: "ஐசியுவில் எந்நேரமும் ஒரு டாக்டர் பணியில் இருப்பார்" என்று பொதுவாகச் சொல்லலாம், அதையும் அன்றைய டூட்டி ரோஸ்டரைக் கையில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் குடும்பத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

குமரன்: சண்டையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்களா? நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

செல்வி: வரைவை மாற்றிவிட்டேன். குடும்பத்தைச் சந்திக்க மெடிக்கல் சூப்பரின்டெண்ட் கிளம்பியிருக்கிறார். நான் "வருந்துகிறோம்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தேன், அது நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று வக்கீல் அடித்துவிட்டார்.

நிலா: "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" வேறு, "எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்" வேறு. முதலாவதற்கு சில நாடுகளில் சட்டப் பாதுகாப்பே உண்டு. உங்கள் சட்டத்தில் எப்படி என்று அவரிடமே திரும்பக் கேளுங்கள்.