‘அடங்கா’ என்பதா, ‘கட்டிழந்த’ என்பதா?

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர்)

அன்புள்ள குழுவினருக்கு, பக்கவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மூளை பாதிப்புக்குப் பின் மனநிலைக்குத் தொடர்பின்றிச் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வருவதை மருத்துவர்கள் ‘சூடோபல்பார் அஃபெக்ட்’ என்கிறார்கள். ‘சூடோ’ என்றால் போலி; ‘பல்ப்’ என்பது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பழைய பெயர். சொல்லுக்குச் சொல் ‘போலி முகுள உணர்ச்சி’ என்று எழுதினால், நோயாளி நடிக்கிறார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே ‘உளமொவ்வா நகையழுகை’ என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி (தமிழாசிரியர்)

ஐயா, நகையும் அழுகையும் தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில் முதல் இரண்டு. உள்ளத்தில் எழுவது உடம்பின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு என்பதால், உள்ளத்தோடு ஒவ்வாத மெய்ப்பாடு என்பது தன்னிலேயே முரண்படுகிறது. என் கணிப்பில் இவர்கள் உள்ளூர மனச்சோர்வில் இருக்கிறார்கள். அழுகை அதன் கசிவு. ‘சோர்வழுகை’ என்றாலே போதும்.

மறுமொழி (நரம்பியல் மருத்துவர்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது உண்மை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கும். ஆனால் மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் ஆர்வத்தையும் குலைப்பது. இந்த அழுகையோ சில நொடிகளில் தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் வெட்டினாற்போல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வடிவில் வரும். முடிந்தபின் துயரத்தின் தடம் இருக்காது. மனச்சோர்வு மருந்துகளே இதற்கும் பலன் தருவதால் குழப்பம் கூடுகிறது. ஆயினும் இதற்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும்; பல நேரங்களில் சில நாள்களிலேயே பலனும் தெரியும்.

காரணத்தைச் சுருங்கச் சொல்கிறேன். சிரிக்கும்போதும் அழும்போதும் முகத்தசை, குரல்வளை, மூச்சு ஆகிய மூன்றும் ஒன்றாக இயங்க வேண்டும். அந்த ஒருங்கிணைப்பு மூளைத்தண்டில் நடக்கிறது. 1924-இல் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் இந்த நோக்கில்தான் இதை விளக்கினார். மேலிருந்து பெருமூளைப் புறணி அதைத் தூண்டவும் தடுக்கவும் செய்கிறது. இடத்துக்கு ஏற்ற அளவில் அதைச் சரிசெய்வதில் சிறுமூளைக்கும் பங்குண்டு என்பது பிற்காலக் கருத்து. இந்த இழைகள் அறுபடும்போது, சிறு தூண்டுதலே முழு அழுகையை அவிழ்த்துவிடுகிறது. பல்லைக் காட்டச் சொன்னால் வாயின் ஒரு பக்கத்தை அசைக்க முடியாத நோயாளி, இச்சிரிப்பு வரும்போது இரு பக்கமும் விரியச் சிரிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விருப்பத்தால் முகத்தை அசைக்கும் வழியும், உணர்ச்சியால் அசையும் வழியும் வேறு என்பதற்கு அதுவே சான்று.

பெயருக்கு வருகிறேன். ‘உளமொவ்வா’ பாதிதான் சரி. சிலருக்குத் தூண்டுதலும் உணர்ச்சியும் ஒத்தே இருக்கும், அளவுதான் மீறும். லேசாக நெகிழ வேண்டிய இடத்தில் தேம்பித் தேம்பி அழுவார்கள். எனவே ‘அடங்கா நகையழுகை’ என்பது இரு வகையையும் தழுவும்.

மறுமொழி (நோயாளியின் மகள்)

நான் மொழி அறிஞர் அல்லள், அப்பாவைப் பார்த்துக்கொள்பவள். அவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தபின், யார் நலம் விசாரித்தாலும் அழுகிறார். சென்ற வாரம் ஒரு நண்பர் தம் மனைவி இறந்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா சிரித்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. நண்பர் எழுந்து போனபின், எழுத்துப் பலகையில் ‘சிரிக்கவில்லை, வருகிறது’ என்று எழுதிக் காட்டினார். அடுத்த நிமிடமே நாளிதழைக் கேட்டார். ‘ஏன் அழுகிறீர்கள்?’ என்று கேட்டால் அழுகை இன்னும் கூடுகிறது. பேச்சை மாற்றி வேறொன்றைக் காட்டினால் விரைவில் அடங்குகிறது.

‘அடங்கா’ வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அடங்காத பிள்ளை, அடங்காப்பிடாரி என்று நாம் சொல்வதெல்லாம் அடங்க மறுப்பவரைத்தானே? அப்பா மறுக்கவில்லை, அவரால் முடியவில்லை.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

அம்மா, தங்கள் தந்தையார் எழுதிய இரண்டு சொற்களும் என் முன்மொழிவைவிடத் தெளிவானவை. சிரிப்பது அவர் செயலன்று, அவருக்கு நேர்வது என்பதைப் பெயரும் சொல்ல வேண்டும். ‘தன்னிச்சை’ என்ற சொல்லைச் சேர்க்க நினைத்துக் கைவிட்டேன். அதைச் சிலர் ‘தானாக நிகழ்வது’ என்றும் சிலர் ‘தன் விருப்பப்படி செய்வது’ என்றும் ஆள்வதால், இங்கே நேர் எதிர்ப்பொருள் தந்துவிடும். ‘கட்டிழந்த நகையழுகை’ எப்படி? கட்டு முன்பு இருந்தது, இழக்கப்பட்டது என்ற பொருள் வருகிறது, பழியும் இல்லை.

மறுமொழி (தமிழாசிரியர்)

மனச்சோர்வு பற்றிய என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘மெய்ப்பாடு’ பெயரில் இடம்பெற வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ‘கட்டிழந்த மெய்ப்பாடு’ என்றால் சுருக்கமாகவும் இருக்கும்.

மறுமொழி (நரம்பியல் மருத்துவர்)

மெய்ப்பாடு என்றால் அச்சமும் வெகுளியும் அடங்கிவிடும், ஐயா. மூளை பாதிப்புக்குப் பின் வரும் சினம் வேறு சிக்கல். அதற்கு வேறு பெயர் வேண்டும். ‘கட்டிழந்த நகையழுகை’ எனக்கு உடன்பாடே. ஆனால் சிரிப்பு மட்டுமே வரும் நோயாளியிடம் ‘நகையழுகை’ என்று எப்படிச் சொல்வது என்பதற்கு இன்னும் விடை காணவில்லை.