கனவில் பையனாகிவிட்டேன், கை மட்டும் என்னுடையது

முக்கூடல் பெண், 54 வயது:
முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றி வரும் எனக்கு, இந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை ஒரே கனவு வந்துவிட்டது. பதினைந்து வயதுப் பையனாகக் கால்சட்டை போட்டுக்கொண்டு தாமிரபரணிப் படித்துறையிலிருந்து ஆற்றில் குதிக்கிறேன். உடம்பு பையனுடையதுதான், ஆனால் தண்ணீருக்குள் கையை நீட்டினால், கத்தரி பிடித்துக் காய்த்துப்போன என் கட்டைவிரல் அப்படியே தெரிகிறது. விழித்ததும் வெட்கமாக இருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. பெண்ணாக இருப்பதில் என் மனத்துக்குக் குறை இருக்கிறதா?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஒவ்வொரு பெண்ணின் மனத்திலும் ஓர் ஆண் உருவம் மறைந்திருப்பதாக உளவியல் அறிஞர் யுங் எழுதியிருக்கிறார். அவன்தான் வந்திருக்கிறான் அம்மா, வேறொன்றுமில்லை.

கல்லிடைக்குறிச்சி மருமகள்:
82 வயதான என் மாமனார் கனவில் எப்போதும் இளைஞராகவே இருக்கிறாராம். விழித்த வேகத்தில் ஊன்றுகோலை மறந்து எழுந்து தடுமாறுகிறார். இது ஆயுள் முடிவதற்கான அறிகுறி என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்கிறார், உண்மையா?

திருநெல்வேலி டவுண், மனநல ஆலோசகர்:
ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊன்றுகோலைக் கட்டிலோடு சாய்த்து வையுங்கள். யுங் சொன்னது ஒரு பார்வைதான், சோதித்து உறுதி செய்யக்கூடியதன்று. ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து ஆராய்ந்த கால்வின் ஹால், பகலில் மனத்தை அழுத்துபவையே இரவிலும் தொடர்கின்றன என்றார். ஆகவே யாராக இருந்தீர்கள் என்பதைவிட, அந்த உடம்பால் என்ன செய்ய முடிந்தது என்று பார்ப்பது பயன் தரும். அடுத்த முறை படுக்கையைவிட்டு எழுமுன்பே எழுதி வையுங்கள், ஏனெனில் பல் துலக்குவதற்குள் பாதி மறந்துவிடும். வெட்கம் கனவுக்குள் வந்ததா, விழித்தபின் வந்ததா?

முக்கூடல் பெண்:
விழித்தபின்தான். குதிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. நான் பெரியவளானதும் ஆச்சி என்னை ஆற்றுக்கு விடவில்லை, தம்பி மட்டும் போவான். கனவில் போட்டிருந்தது அவனுடைய காக்கிக் கால்சட்டை, பின்புறம் ஒட்டுப்போட்டது.

வள்ளியூர், திருநம்பி:
என் அனுபவத்தையும் சொல்கிறேன், அக்கா. என்னைப் பெண் என்று அழைத்தபோதெல்லாம் சிறுவயதிலிருந்தே பகலில் உடம்பு கூசியது. என்னை நான் அறிந்தது அதனால்தான், கனவால் அன்று. சட்டப்படி பெயர் மாற்றி ஆறு ஆண்டுகள் ஆகியும் சில கனவுகளில் இன்னமும் பாவாடையோடுதான் நிற்கிறேன். அதனால் நான் பெண்ணாகிவிடவில்லை.

பாளையங்கோட்டை ஆசிரியர்:
அப்படியானால் என் விளக்கம் இவருக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

மனநல ஆலோசகர்:
வள்ளியூர்த் தம்பி சொன்னதே முக்கியமான வேறுபாடு. பகலில் அப்படி ஒரு கூச்சம் உங்களுக்கு இல்லையென்றால், இக்கனவை மறுக்கப்பட்ட ஆற்றோடு சேர்த்துப் பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது. மூன்று கனவுகளை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். நாற்பது ஆண்டுகளாக வராதது இரண்டு மாதங்களுக்கு முன் ஏன் தொடங்கியது என்பதுதான் விளங்கவில்லை.

முக்கூடல் பெண்:
இரண்டு மாதங்களுக்கு முன் பேத்திக்குச் சடங்கு வைத்தோம். இனி ஆற்றுப் பக்கம் போகக் கூடாது என்று அவளிடம் சொன்னது நான்தான்.