சூடோத்ராம்போசைட்டோபீனியா: 'போலி'யா, 'பொய்க்குறை'யா, 'குழாய்த்திரள்' போதுமா?

அனுப்புநர்: தேன்மொழி

அனைவருக்கும் வணக்கம். ஆய்வகக் கையேட்டுக்கான சொற்பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சூடோத்ராம்போசைட்டோபீனியாவுக்குப் பழைய பட்டியலில் 'போலி இரத்தத் தட்டணுக்குறை நோய்' என்று இருக்கிறது. 'நோய்' போயாக வேண்டும்; உடலில் தட்டணு குறையவே இல்லை, கருவி குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். மீதியை என்ன செய்யலாம்? ஈடிடிஏ என்னும் உறைதடுப்பி உள்ள குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கும் தனிச்சொல் தேவை. 'தட்டணு உறைவு' என்று எழுதலாமா?

---

அனுப்புநர்: முத்துக்குமரன்

> 'தட்டணு உறைவு' என்று எழுதலாமா?

வேண்டாம் அம்மா. உறைவு என்றால் ஃபைப்ரின் இழை உண்டாகியிருக்க வேண்டும். அதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், சரியாகக் கலந்த ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாது. ஆனாலும் தட்டணுக்கள் திரள்கின்றன. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல்லே காட்டவேண்டும்.

திரள்வதற்குக் காரணமும் அந்தக் கால்சியம் இழப்புதான். தட்டணுவின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் கால்சியத்தின் துணையோடு இணைந்து நிற்கின்றன. கால்சியம் போனதும் அந்த இணைப்பின் வடிவம் மாறி, அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்படுகிறது. சிலருடைய பிளாஸ்மாவில் அந்தப் பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள் முன்பே இருக்கும். உடலுக்குள் அதற்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை, அதனால் எந்தத் தீங்கும் இல்லை. குழாய்க்குள் இடம் கிடைத்துவிடுகிறது. இரத்தம் அறை வெப்பத்துக்கு ஆறி, நேரமும் கடக்கக் கடக்கத் திரள் பெருகும். எடுத்தவுடன் எண்ணினால் ஓர் எண்ணிக்கை, இரண்டு மணி நேரம் கழித்து எண்ணினால் அதைவிடக் குறைந்த இன்னொன்று என்று வருவது இதனால்தான்.

கருவி துகளின் அளவைப் பார்த்துத்தான் தட்டணு என்று முடிவு செய்கிறது. பத்துத் தட்டணுக்கள் சேர்ந்த ஒரு திரள் அந்த அளவைத் தாண்டிவிடும், எனவே கணக்கில் வராது. சில திரள்கள் வெள்ளணு அளவுக்கு வளர்ந்து அந்தக் கணக்கில் ஏறிக்கொள்ளும். ஒரே குழாயில் ஓர் எண் பொய்யாய்க் குறைய, இன்னொன்று பொய்யாய்க் கூடும்.

'திரள்' என்பதே என் பரிந்துரை.

---

அனுப்புநர்: ரவி

சொல் எதுவானாலும் நடைமுறை எளிது. சிட்ரேட் கால்சியத்தைத் தொடாது, அதனால் நீல மூடிக் குழாயில் திரள் வராது. அதில் எடுத்து எண்ணி அறிக்கை கொடுத்தால் முடிந்தது. கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு இட்டு நுண்ணோக்கியில் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. 'ஈடிடிஏ திரள்' என்று பெயரிட்டுவிடலாம்.

---

அனுப்புநர்: பாத்திமா

நான் மொழிபெயர்ப்பாளர், மருத்துவம் படித்தவளில்லை. என் அறிக்கையிலும் தட்டணு குறைவு, திரள் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கால்சியம் குறைந்ததால்தான் இது வருகிறது என்றால், கால்சியம் மாத்திரை எடுத்துக்கொண்டு மறுபடி பரிசோதிக்கலாமா?

---

அனுப்புநர்: செல்வராணி

பாத்திமா, மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கால்சியம் குறைவது குழாய்க்குள் மட்டும். உங்கள் இரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும், அடுத்த ஊதாக் குழாய் அதையும் பிடித்துக்கொள்ளும். வேறு குழாயில் எடுத்துப் பூச்சும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும். அதனால் அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ரவி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது, ஈடிடிஏ அளவுக்கு இறுக்கமாக இல்லை. அதனால் பலருக்குத் திரள் வராது. சிலருக்கு அதிலும் வரும். வந்ததா இல்லையா என்பதைப் பூச்சுதான் சொல்லும்.

கையேட்டில் எடுத்துக்காட்டாக வைத்திருப்பதை எழுதுகிறேன். ஈடிடிஏ குழாயில் தட்டணு 38,000, வெள்ளணு 11,800, திரையில் `PLT Clumps?` என்ற எச்சரிக்கை. நோயாளிக்கு இரத்தக்கசிவோ தோலில் புள்ளியோ இல்லை. முதலில் மரக்குச்சியால் குழாயைத் துழாவிப் பார்க்கவேண்டும். சிறு உறைகட்டி சிக்கினால் இரத்தம் எடுத்ததிலோ கலந்ததிலோ பிழை, எதிர்ப்பொருளின் மேல் பழிபோட முடியாது. கட்டி இல்லாவிட்டால் அதே குழாயிலிருந்து பூச்சு இட்டுச் சாயமேற்றி, முதலில் 10 மடங்கு வில்லையில் இறகு விளிம்பையும் இரு பக்க ஓரங்களையும் பார்க்கவேண்டும். பூச்சு இழுக்கும்போது பெரிய திரள்கள் அங்கேதான் அடித்துச் செல்லப்படும். பலர் நேரே எண்ணெய் வில்லைக்குப் போய், செல்கள் ஒற்றை அடுக்காய்ப் பரவிய நடுப்பகுதியை மட்டும் பார்க்கிறார்கள். அங்கே தனித் தட்டணுக்கள் அரிதாகத்தான் தெரியும், உடனே 'உண்மையான குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். பூச்சு பார்த்தும் தவறுவது இப்படித்தான்.

இந்த எடுத்துக்காட்டில் விளிம்பில் திரள்கள் நிறைய, இடையே ஃபைப்ரின் இழை இல்லை. இழை இருந்திருந்தால் மறுபடியும் உறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறகு சிட்ரேட் குழாயில் புதிய மாதிரி. கருவி காட்டியது 1,92,000. குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் இருப்பதால் 1.1-ஆல் பெருக்கினால் 2,11,200. வெள்ளணு 7,100, அதையும் பெருக்கினால் 7,810. பெருக்கல் சரியாக வரக் குழாய் கோடுவரை நிறைந்திருக்க வேண்டும். 2.7 மில்லி இரத்தம் சேரவேண்டிய குழாயில் 1.8 மில்லிதான் சேர்ந்தால், 0.3 மில்லி சிட்ரேட்டோடு கணக்கு 2.1-ஐ 1.8-ஆல் வகுப்பதாகி 1.17 ஆகிவிடும். கடைசியில் சிட்ரேட் குழாயிலிருந்தும் ஒரு பூச்சு. அதிலும் விளிம்பு சுத்தமாக இருந்தால்தான் 2,11,200 செல்லும்.

---

அனுப்புநர்: ரவி

சிட்ரேட் பற்றி நான் எழுதியது தவறு, ஏற்கிறேன். திரள் இருக்கும் பூச்சிலேயே, எண்ணெய் வில்லையில் ஒரு புலத்துக்குச் சராசரி எத்தனை என்று பார்த்து 20,000-ஆல் பெருக்கி எண்ணிக்கை கொடுக்கலாமே?

---

அனுப்புநர்: செல்வராணி

தனித்தனியாகப் பரவியிருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். திரண்டிருக்கும் பூச்சில் புலத்துக்குப் புலம் மாறும். ஒன்றில் பூஜ்யம், அடுத்ததில் முப்பது. அங்கே எண் தரக்கூடாது, 'போதிய அளவு உள்ளதாகத் தோன்றுகிறது' என்பதோடு நிறுத்தவேண்டும். விரல் நுனியில் குத்தி நேரடியாக இட்ட பூச்சை வைத்தும் திரளை உறுதிசெய்ய முடியாது. உறைதடுப்பி இல்லாத இரத்தத்தில் தட்டணுக்கள் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும்.

---

அனுப்புநர்: தேன்மொழி

நன்றி. 'உறைவு'ம் 'நோய்'உம் நீங்கின. 'போலித் தட்டணுக்குறை' என்றால் போலித் தட்டணுக்களின் குறை என்றும் படிக்கலாம், அதனால் அடையைக் 'குறை'யை ஒட்டி வைத்துத் 'தட்டணுப் பொய்க்குறை' என்கிறேன். குழாயில் நடப்பது 'குழாய்த்திரள்'. அறிக்கைக்கான வரி:

'தட்டணுத் திரள் காணப்படுகிறது. இந்த எண்ணிக்கை ஏற்கத்தக்கதன்று. சிட்ரேட் குழாயில் மறுமாதிரி தேவை.'

---

அனுப்புநர்: முத்துக்குமரன்

பொய்க்குறைக்கு உடன்படுகிறேன். பெரிய தட்டணுக்களைக் கருவி தவறவிடுவதால் வரும் பொய்யான எண்ணுக்கும் அது பொருந்தும். பூச்சில் அவை திரளாமல் தனித்தனியாக நிற்கும். தட்டணுக்கள் நியூட்ரோஃபிலைச் சுற்றி வளையமாக ஒட்டுவதும் பெரும்பாலும் ஈடிடிஏவால் வருவதே. அது திரளன்று, ஆனால் பொய்க்குறை. அதற்கு வேறு சொல் வேண்டும்.

---

அனுப்புநர்: ரவி

'குழாய்த்திரள்' எனக்கு ஒப்பவில்லை. உறைகட்டியும் குழாயில்தான் உண்டாகிறது. படிப்பவர் குழாய் பழுது என்றும் நினைக்கலாம். 'ஈடிடிஏ திரள்' என்றால் காரணம் சொல்லிலேயே இருக்கிறது.

---

அனுப்புநர்: செல்வராணி

சிட்ரேட்டிலும் திரளும் சிலருக்கு அந்தப் பெயர் பொய்யாகிவிடும், ரவி. 'உறைதடுப்பித் திரள்' என்றால் இரண்டையும் அணைக்கும், ஆனால் அறிக்கையின் கருத்துக் கட்டத்தில் அடங்குமா என்று தெரியவில்லை.