உயிர்க்குறி இல்லாத அரபிக் கடைப்பெயர்: கலைச்சொல் தேவை

மீனா:
வணக்கம். கெய்ரோ தெருப்படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் கடைப்பெயர் சேர்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். ஒரு பலகையை இப்படிப் பதிந்திருக்கிறேன், name:ta என்பது தமிழ்ப் பெயருக்கான வரி:

```
name=حلويات ملك
name:ar=حلويات ملك
name:ta=?
```

முதல் சொல் ஹலவிய்யாத், அதாவது இனிப்பு வகைகள். இரண்டாவது சொல்லில் மீம், லாம், காஃப் என்று மூன்று மெய்கள்தான் இருக்கின்றன. மலிக் என்பதா, மலக் என்பதா என்று படத்தை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. இப்படி ஓர் எழுத்துவடிவம் பலவிதமாக வாசிக்க இடம் கொடுப்பதற்குக் கையேட்டில் ஒரு சொல் வேண்டும். 'உயிர்மயக்கம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சரிப்படுமா?

ரவி:
இதற்கெல்லாம் கலைச்சொல் எதற்கு? நான் ரியாத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் போன கடைகளில் அரபிக்குக் கீழேயே ஆங்கிலமும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதிவிட்டுப் போகலாம். ஒருவேளை பால் கடையாக இருக்குமோ, மில்க்?

நிஸார்:
ரவி, பால் இல்லை. அரபியில் ஆங்கிலச் சொற்களை எழுதும்போது பெரும்பாலும் உயிரைக் காட்ட நெட்டெழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். மில்க் ஷேக்கின் மில்க்கை நடுவில் ஒரு 'யா' போட்டு ميلك என்றுதான் எழுதுவது வழக்கம். சொந்தச் சொல்லுக்குத்தான் குறில் எழுத மாட்டார்கள், வாசிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை.

மீனா கேட்ட ملك நாலு விதமாக வரும். மலிக் என்றால் அரசன். மலக் என்றால் வானவர்; நம் ஊரில் 'மலக்குமார்கள்' என்கிறோமே, அதே சொல். எகிப்தில் இது பெண்பெயரும்கூட. 1886இல் பிறந்த பெண்ணுரிமை எழுத்தாளர் மலக் ஹிஃப்னி நாஸிஃபின் பெயரும் இதே மூன்று எழுத்துதான். முல்க் என்றால் ஆட்சி, குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்தின் பெயர். மில்க் என்றால் உடைமை. பழைய குர்ஆன் படிகளில் முதல் அத்தியாயத்திலும் இதே வடிவம் வருகிறது. அதை மாலிக் என்றும் மலிக் என்றும் ஓதும் இரண்டு மரபுகளும் இன்றுவரை செல்லும். அதாவது, இந்தக் குழப்பத்தை எழுத்துமுறையே உள்ளே வைத்திருக்கிறது. பலகை எழுதியவர் ஒன்றும் தவறு செய்யவில்லை.

இனி உங்கள் கடைக்கு வருவோம். முன்னால், ஆங்கில 'the' போன்ற 'அல்' இல்லை என்பதைக் கவனியுங்கள். 'அரசனின் இனிப்புகள்' என்று சொல்ல வந்திருந்தால் அல்-மலிக் என்று எழுதியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆளின் பெயருக்கு 'அல்' வேண்டியதில்லை. மகள் பெயரில் கடை வைப்பது அங்கே சாதாரணம். ஆகவே என் ஊகம் மலக். ஆனால் ஊகம்தான். பலகையில் கிரீடம் வரைந்திருந்தால் நான் கட்சி மாறிவிடுவேன். 'ஷவர்மாவின் மலிக்' என்று அடுத்த சொல்லும் சேர்ந்து வந்திருந்தால் சந்தேகமே இல்லை. கீழே சமூக ஊடகக் கணக்கின் பெயர் ரோமன் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீனா:
கிரீடமும் இல்லை, கணக்குப் பெயரும் இல்லை. ஒரு தொலைபேசி எண்தான் இருக்கிறது, அதுவும் பாதி மரத்துக்குப் பின்னால்.

கதிர்:
இதில் புதிதாக ஒன்றுமில்லை. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இட மாட்டார்கள். எகர, ஒகரத்திலும் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஓலையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதிப்பாசிரியர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பாடபேதம். தமிழில் வேண்டுமானால் பாடவேறுபாடு. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

செல்வராணி:
கதிர் தம்பி, ஓலையைப் பற்றிச் சொன்னது சரி. சொல் பொருந்தாது. ஒரு சுவடியில் ஒன்றும் இன்னொரு சுவடியில் வேறொன்றும் எழுதியிருந்தால்தான் அது பாடபேதம். இங்கே இருப்பது ஒரே பலகை, ஒரே எழுத்து. எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறுகிறது. யாராவது 'சிலேடை' என்று சொல்வதற்கு முன் அதையும் தள்ளிவிடுகிறேன். சிலேடை என்றால் புலவர் வேண்டுமென்றே வைப்பது.

மீனா, 'உயிர்மயக்கம்' வேண்டாம். மெய்ம்மயக்கம் என்றால் மெய்கள் அடுத்தடுத்து வருவது என்று இலக்கணத்தில் நிலைபெற்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் உயிர்மயக்கம் என்று வைத்தால், உயிர்கள் அடுத்தடுத்து வருவது என்றுதான் படித்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்வது 'பல்வாசிப்பு'. அப்படிப் பலவிதமாக வாசிக்க இடம் தரும் சொல்லைப் 'பல்வாசிப்புச் சொல்' என்றும், குறியைச் சேர்த்து எழுதுவதை 'உயிர்க்குறியேற்றம்' என்றும் வைக்கலாம்.

நிஸார்:
பல்வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 'உயிர்க்குறி'யில்தான் சிக்கல். எங்கள் மதரஸாவில் ஸபர், ஸேர், பேஷ் என்று படித்தோம். அ, இ, உ மூன்றுக்குமான குறிகள் அவை, உயிர்க்குறி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஷத்து என்று ஒன்று உண்டு. அது உயிரே இல்லை, மெய்யை இரட்டிக்கும் குறி. பலகையில் அதுவும் விடுபடுகிறது. 'மக்பஸ் சலாம்' என்று ஒரு ரொட்டிக்கடை இருந்தால் அது சலாம் என்ற ஆளா, சல்லாம் குடும்பமா? இரண்டுக்கும் உயிர்கள் ஒன்றுதான், லாம் ஒற்றையா இரட்டையா என்பதே கேள்வி. 'ஓசைக்குறி' என்றால் எல்லாம் அடங்கும்.

இன்னொன்று. இந்தச் சிக்கலைப் பழைய அரபி எழுத்தர்கள் ஓரிடத்தில் கையாண்டிருக்கிறார்கள். உமர், அம்ர் இரண்டும் ஒரே மூன்று எழுத்து என்பதால், அம்ரின் கடைசியில் ஒலிக்காத 'வாவ்' ஒன்றைச் சேர்த்தார்கள். கடைப்பலகையில் عمرو என்று கண்டால் தயங்காமல் அம்ர் என்று எழுதலாம், 'அம்ரூ' என்று எழுதிவிடாதீர்கள்.

செல்வராணி:
ஓசைக்குறி என்றால் பாட்டு, தாளம் பக்கம் போய்விடும். எனக்கு உடன்பாடில்லை.

ரவி:
சரி, ஆங்கிலம் இருக்கும் பலகைக்காவது என் வழி செல்லுமா, செல்லாதா?

நிஸார்:
செல்லும், அப்படியே நகல் எடுக்காத வரை. எகிப்தியர் 'ஜீம்' எழுத்தை 'க' என்று ஒலிப்பார்கள், பலகையிலும் Gamal என்று எழுதுவார்கள். அதே எழுத்துகள் ரியாத்தில் Jamal. கெய்ரோ கடைக்குக் கமால் என்று தமிழில் எழுதினால் அது வேறொரு பெயரோடு மோதும், அரபியில் காஃப் போட்டு எழுதும் கமாலும் இருக்கிறதே. நான் ஜமால் என்றுதான் எழுதுவேன். உள்ளூர்க்காரர் சண்டைக்கு வரலாம்.

கதிர்:
பெயரை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்பதையும் கையேட்டில் சேருங்கள். 'ஹலவிய்யாத் அல்-ஹத்தாத்' என்று ஒரு பலகைக்கு 'இரும்புக்கொல்லர் இனிப்பகம்' என்று யாரோ போட்டிருந்ததைப் பார்த்தேன். ஹத்தாத் கொல்லர்தான், ஆனால் அது குடும்பப்பெயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அரபியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்றும் இல்லாததால் எது பெயர், எது பொதுச்சொல் என்று பார்வையில் பிரியாது. இதுவும் பல்வாசிப்பில் அடங்குமா?

செல்வராணி:
அடங்காது தம்பி. அங்கே வாசிப்பு ஒன்றுதான், பொருள்தான் இரண்டு. அதைப் பலபொருள் ஒருசொல் என்று பழைய கணக்கிலேயே விடலாம்.

மீனா:
நன்றி. 'பல்வாசிப்பு', 'பல்வாசிப்புச் சொல்' இரண்டையும் சேர்த்துவிட்டேன். உயிர்க்குறியா ஓசைக்குறியா என்பதற்கு இன்னும் யாராவது எழுதும்வரை வரைவில் உயிர்க்குறி என்றே இருக்கும், ஷத்து பற்றி ஒரு வரியும் சேர்க்கிறேன். கையேட்டின் விதி இப்படி: name, name:ar இரண்டிலும் பலகையில் உள்ளதை உள்ளபடியே எழுதுக, நாமாக உயிர்க்குறி ஏற்ற வேண்டாம். பலகையிலோ கடைக்காரரிடமோ வாசிப்பு உறுதியானால் மட்டுமே name:ta. இனிப்புக்கடைக்கு அந்த வரியை எடுத்துவிட்டேன். நிஸார் ஐயா, கெய்ரோவில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அந்தத் தெருப் பக்கம் போகச் சொல்லுங்கள், இருப்பிடத்தைத் தனியாக அனுப்புகிறேன்.