பிள்ளை பிறந்த செய்தியையும் பெயரையும் சேர்த்துச் சொல்லலாமா?

வணக்கம். ஹட்டன் பக்கம் இருக்கிறோம். மகள் பிறந்து ஒன்பது நாள், தாயும் பிள்ளையும் சுகம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கிறோம்.

இப்போது பிறந்த செய்தி, நாள், எடை மட்டும் போட்டுவிட்டு, 31ஆம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைத்த பிறகு பெயரைச் சொல்லலாம் என்று யோசனை. பிறப்பைப் பதிய 42 நாள் இருப்பதால், அதன்பின் 11 நாள் மிஞ்சும். சிக்கல் எழுத்தில்தான். பெயரில் 'ழ' வருகிறது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று இன்னும் முடிவாகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரியும் பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரியும் போனால், பாஸ்போர்ட் எடுக்கும்போது பத்திரத்தில் உள்ளதுதானே நிற்கும்? பதிந்து, பத்திரத்தைச் சரிபார்த்த பிறகே பெயரைச் சொன்னவர்கள் இருக்கிறீர்களா? (மாமியாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.)

போட்டோவும் ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுத்ததில் கைப்பட்டியில் தாயின் பெயர் தெளிவாகத் தெரிகிறது, அதனால் வேண்டாம். பனி விலகும் பத்து மணிக்கு, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ எடுக்கலாமா? குளிருக்குத் தொப்பி போட்டால் முகத்தில் நிழல் விழுகிறது. என்ன செய்தீர்கள்?