குற்றாலச் சேனலும் அந்த 610-உம்: மாச இலக்கு எப்படி வைக்கிறது?

ஜங்ஷன்காரன்:
சுவத்துல "மாசம் 1000"னு எழுதி ஒட்டியிருந்த ஒரு குற்றால யூடியூப் சேனலோட கணக்கு இன்னும் மனசுல உறுத்துது. மே முதல் அக்டோபர் வரைக்கும் கூடின சந்தாதாரர் 38, 44, 610, 52, 47, 55. ஜூலையில மெயினருவியில வெள்ளம் வந்த ஷார்ட்ஸ் ஓடிருச்சு, அதான் 610. சராசரி போட்டா 141 வரும், அதுவும் பொய்தான். சின்னதுலருந்து பெருசா அடுக்கி நடுவுல நிக்கிற 47, 52 ரெண்டையும் பாருங்க. சேனலோட நடை மாசம் 50. நாலு வீடியோவுக்கு அது, அப்போ வீடியோவுக்கு 12 பேர். அஞ்சு வீடியோ எடுக்கத் தெம்பு இருந்தா 60. நவம்பர் இலக்கு அவ்வளவுதான்.

பாளை மார்க்கெட்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு? ஜூலையைத் தூக்கிப் போட்டுட்டு மிச்ச அஞ்சு மாசத்துக்குச் சராசரி எடுத்தா 47. முடிஞ்சுது சோலி.

அம்பை அக்கா:
பாதி சரி தம்பி. ஆனா ஆகஸ்ட்டை மட்டும் ஏன் நம்புதீங்க? YouTube Studio-வில Advanced mode போய் சேர்ந்தவங்களையும் விலகினவங்களையும் தனித்தனியாப் பாத்தா, ஆகஸ்ட்ல சேர்ந்தது 140, விலகினது 88. அதான் 52. வெள்ளத்துக்கு வந்த கூட்டம் அடுத்து வந்த சமையல் வீடியோவைப் பாத்ததும் கெளம்பிருச்சு. செப்டம்பர், அக்டோபர்ல விலகல் பத்துக்குள்ள வந்துட்டு. அதனால இலக்கை அந்த ரெண்டு மாசத்தை வச்சுப் போடுங்க. அதுவும் ஒண்ணாந் தேதிலருந்து மாசக் கடைசி வரை எடுங்க. கடைசி 28 நாள்னு அதுவாக் காட்டுறதை எடுத்தா 31 நாள் மாசத்துல மூணு நாள் விட்டுப்போவும், அப்புறம் ஏன் கூடிச்சு குறைஞ்சுதுன்னு மண்டை காயும்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, என் சேனல்ல ஷார்ட்ஸ் மட்டும்தான். இப்படியே போனா விளம்பரக் காசுக்கு யூடியூப் கேக்குற 4000 மணி நேரப் பார்வை எப்போ ஆவும்?

அம்பை அக்கா:
கேள்வி வேற, ஆனாலும் சொல்லுதேன். ஷார்ட்ஸ் ஃபீட்ல ஓடுன நேரம் அந்த 4000-ல சேராது. ஷார்ட்ஸ் வழியே போணும்னா 1000 சந்தாதாரரோட 90 நாள்ல 1 கோடி பார்வை வேணும். அதனால இலக்கை ரெண்டாப் பிரிச்சு வைங்க. நீள வீடியோவுக்குப் பார்த்த நேரம் தனி, ஷார்ட்ஸ் பார்வை தனி. ரெண்டையும் ஒரே எண்ணுல கலந்தா எது தேயுதுன்னே தெரியாது.

பாளை மார்க்கெட்:
சரி வே, அடுத்த ஜூன்ல சாரல் வந்தா? அப்பவும் 60 தானா?

ஜங்ஷன்காரன்:
கையில இருக்கிறது ஒரே ஒரு சீசன். அதை வச்சு அடுத்த ஜூலைக்கு எண் போட மாட்டேன். சீசன்ல எத்தனை வீடியோ போடணும்ங்கிறது மட்டும் இலக்கு.

பாளை மார்க்கெட்:
அது இலக்கே இல்ல, வேலைப் பட்டியல்.